மார்ச் 31க்கு அப்பால்: ஜி.எஸ்.டி. சாலைத் தொழிற்சாலைகளின் ஆண்டு பட்ஜெட்டும் தொடர் முன்கணிப்பும்

1. கேள்வி

தாம்பரத்திலிருந்து தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நடுத்தர உற்பத்தி நிறுவனங்கள் பல இயங்குகின்றன. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, இயந்திர முதலீட்டில் 125 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 500 கோடி ரூபாய்க்கும் மேற்படாத தொழில் வரைக்கும் ‘நடுத்தரம்’ என்ற வகைக்குள் வரும். இவற்றில் வாகன உதிரிபாகம் செய்பவை கணிசமானவை. இரண்டு மூன்று பெரிய வாடிக்கையாளர்களை நம்பியே அவற்றின் பிழைப்பு நடக்கிறது.

இத்தகைய நிறுவனம் ஒன்று தன் வருங்காலக் கணக்கை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்? பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உட்கார்ந்து ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கான பட்ஜெட்டை ஒரே முறை எழுதி, ஆண்டு முழுவதும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு வழி. தொழில் வட்டாரத்தில் ரோலிங் ஃபோர்காஸ்ட் என்று சொல்லப்படும் தொடர் முன்கணிப்பு இன்னொரு வழி. இதில் ஒவ்வொரு மாதமோ காலாண்டோ முடியும்போது கடந்துபோன பகுதியைக் கழித்துவிட்டு எதிரே அதே அளவைச் சேர்ப்பார்கள். எந்த நாளில் நின்று பார்த்தாலும் அடுத்த 12 மாதம் கண்ணுக்குத் தெரியும்.

இவ்விரண்டில் எது மேல் என்று கேட்பது வழக்கம். இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை என்பதும், ஒரே எண்ணை இரண்டு வேலைக்கும் பயன்படுத்துவதிலிருந்தே சேதம் தொடங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

நிறுவன பட்ஜெட்டை ஒரு தனித் துறையாக வகுத்துக் காட்டிய தொடக்க நூல்களில் ஒன்று, ஜேம்ஸ் மெக்கின்சி 1922இல் வெளியிட்ட ‘பட்ஜெட்டரி கன்ட்ரோல்’. விற்பனை, உற்பத்தி, கொள்முதல், பணம் ஆகிய துறைகளின் திட்டங்களை ஒரே கணக்கில் இணைப்பது அதன் மையக் கருத்து. ஒரு தொழிற்சாலைக்கு அந்தத் தேவை இன்றும் குறையவில்லை.

எதிர்ப்பு பிற்பாடு வந்தது. சுவீடனின் ஹாண்டல்ஸ்பாங்கன் வங்கி, யான் வாலண்டர் தலைமையில் 1970களில் ஆண்டு பட்ஜெட்டைக் கைவிட்டது. மைக்கேல் ஜென்சன் 2001இல் எழுதிய கட்டுரையில், இலக்கோடு ஊக்கத்தொகையைக் கட்டிவைக்கும் பட்ஜெட் முறை மேலாளர்களைப் பொய் சொல்லப் பழக்குகிறது என்று வாதிட்டார். இலக்கு நிர்ணயிக்கும்போது குறைத்துச் சொல்வதும், ஆண்டு முடிவில் விற்பனையை முன்னும் பின்னும் தள்ளுவதும் அதன் விளைவுகள் என்றார். ஜெரமி ஹோப், ராபின் ஃப்ரேசர் இருவரும் 2003இல் எழுதிய ‘பியாண்ட் பட்ஜெட்டிங்’ இந்த எதிர்ப்பை ஓர் இயக்கமாகவே ஆக்கியது. மறுபக்கம், தெரசா லிபி, முர்ரே லிண்ட்சே ஆகியோர் வட அமெரிக்க நிறுவனங்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலான நிறுவனங்கள் பட்ஜெட்டைக் கைவிடவில்லை, கைவிடும் எண்ணத்திலும் இல்லை, அதைத் திருத்திக்கொண்டே வருகின்றன என்று காட்டியது.

இந்த விவாதத்தை மறைமலைநகருக்குக் கொண்டுவரும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். ஹாண்டல்ஸ்பாங்கனிடம் நூற்றுக்கணக்கான கிளைகள் இருந்தன. இலக்கு எண் இல்லாவிட்டாலும், ஒரு கிளையை மற்றொரு கிளையோடு ஒப்பிட்டு யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று கண்டுகொள்ள முடிந்தது. ஒரே கூரையின் கீழ் ஒரே பிரஸ் ஷாப்பை நடத்தும் நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு ஒப்பீட்டு அளவுகோலாக இருப்பது பெரும்பாலும் தன் சொந்த பட்ஜெட்தான். பட்ஜெட்டை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க அதனிடம் வேறொன்றில்லை.

3. வங்கி கேட்கும் எண்

இந்திய நடுத்தர நிறுவனத்துக்கு ஆண்டு எண்ணைத் தவிர்க்க முடியாததாக ஆக்கியிருப்பது வங்கி. நடைமுறை மூலதனக் கடன் எவ்வளவு தேவை என்று கணக்கிடும் முறையை ரிசர்வ் வங்கி 1974இல் அமைத்த டாண்டன் குழு வகுத்தது. 1979இல் சோரே குழு அதை மேலும் இறுக்கியது. அந்த மரபில் வந்ததுதான் கடன் புதுப்பிப்பின்போது ஆடிட்டர்கள் தயாரிக்கும் சி.எம்.ஏ. டேட்டா. கடந்த ஆண்டுகளின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, வரும் ஆண்டின் எதிர்பார்ப்பு எல்லாம் அதில் ஆண்டு ஆண்டாக வரிசையில் நிற்க வேண்டும். ‘நாங்கள் பட்ஜெட் போடுவதில்லை, முன்கணிப்பு மட்டும்தான்’ என்று ஒரு முதலாளி கிளை மேலாளரிடம் சொல்லிவிட்டு வர முடியாது.

ஆண்டு எண்ணைக் கேட்பவர்கள் வேறு சிலரும் உண்டு. சம்பள ஒப்பந்தம் தொழிற்சங்கத்தோடு சில ஆண்டுகளுக்குக் கையெழுத்தாகிறது. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வகுத்த முறைப்படி, 8.33 சதவீதக் குறைந்தபட்சத்துக்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்பது ஆண்டு லாபத்தை வைத்தே முடிவாகிறது. கடன் தவணையும் வட்டியும் முன்கூட்டியே தெரிந்தவை. இவையெல்லாம் ஒருவருக்கு மற்றொருவர் கொடுத்த வாக்குகள். வாக்கை மாதந்தோறும் மாற்றி எழுத முடியாது. ஆண்டு பட்ஜெட்டின் இயல்பான இடம் இதுதான்.

வாடிக்கையாளர் தரப்பு இதற்கு நேர்மாறானது. கார் நிறுவனம் உதிரிபாக நிறுவனத்துக்கு ஆண்டு ஆர்டர் தருவதில்லை. மாதக் கடைசியில் ஒரு ஷெட்யூல் வருகிறது. அடுத்த மாத எண்ணிக்கை உறுதியானது. அதற்கடுத்த இரண்டு மாதங்களுக்கானது உத்தேசம். ஒரு மாதம் கழித்து அந்த உத்தேசம் திருத்தப்பட்டு, புதிதாக ஒரு மாதம் சேர்ந்து வருகிறது. ஆக, நிறுவனத்தின் திட்டப் பிரிவு ஏற்கெனவே தொடர் முன்கணிப்பில்தான் வாழ்கிறது. கணக்குப் பிரிவு மட்டும் ஏப்ரலில் எழுதிய எண்ணோடு நிற்கிறது. இந்த இரண்டு மேசைகளுக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை 2021 காட்டியது.

4. 2021 செப்டம்பர்: ஒரு கணக்கு

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. குஜராத்தின் சனந்த் ஆலையில் வாகன உற்பத்தி அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டிலும், மறைமலைநகரில் வாகன, இன்ஜின் உற்பத்தி 2022இன் இரண்டாம் காலாண்டிலும் முடியும் என்றது. மறைமலைநகர் ஆலையில் கடைசி வண்டி 2022 ஜூலையில் வெளியே வந்தது.

அந்த ஆலைக்குப் பாகம் கொடுத்த ஒரு நிறுவனத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. 2021-22 பட்ஜெட்டில் மாத விற்பனை 10 கோடி ரூபாய். அதில் 3 கோடி ஃபோர்டுக்குப் போகிறது. மூலப்பொருளும் உற்பத்தியோடு ஏறி இறங்கும் மற்றச் செலவுகளும் போக, ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் 30 ரூபாய் மிஞ்சுகிறது. சம்பளம், வட்டி, வாடகை போன்ற நிலைச் செலவு மாதம் 2.4 கோடி. எனவே மாத லாபம் 60 லட்சம், ஆண்டு லாபம் 7.2 கோடி.

அறிவிப்புக்குப் பிறகு ஃபோர்டு விற்பனை டிசம்பர்வரை அப்படியே இருக்கும், ஜனவரி முதல் ஜூன்வரை பாதியாகும், ஜூலையிலிருந்து இருக்காது என்று வைத்துக்கொண்டால் அடுத்த 12 மாதம் இப்படித் தெரியும்:

| காலம் | மாத விற்பனை (கோடி) | மிஞ்சுவது | நிலைச் செலவு | மாத லாபம் |
|---|---|---|---|---|
| 2021 அக்டோபர்–டிசம்பர் | 10.0 | 3.00 | 2.40 | 0.60 |
| 2022 ஜனவரி–ஜூன் | 8.5 | 2.55 | 2.40 | 0.15 |
| 2022 ஜூலை–செப்டம்பர் | 7.0 | 2.10 | 2.40 | –0.30 |

இதே செய்தியை ஆண்டு பட்ஜெட் வழியாகப் பார்த்தால், பாதிப்பு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதங்களில் மட்டும் விழுகிறது. ஆண்டு லாபம் 7.2 கோடியிலிருந்து 5.85 கோடியாக, சுமார் 19 சதவீதம், குறைகிறது. வருத்தப்பட வேண்டிய குறைவுதான், ஆனால் தாங்கக்கூடியது. இயக்குநர் குழுக் கூட்டத்தில் ஒரு பத்தியில் விளக்கம் சொல்லிவிடலாம். மார்ச் 31க்கு அப்பால், ஜூலையில் நிறுவனம் மாதம் 30 லட்சம் நட்டத்துக்குள் நுழைகிறது என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை. தாள் பொய் சொல்லவில்லை. அதன் ஓரம் மார்ச்சில் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். செப்டம்பர் 10 அன்று செய்தித்தாள் படித்த எந்த முதலாளிக்கும் ஆபத்து தெரிந்திருக்கும். அதற்கு முன்கணிப்பு எதற்கு? ஆபத்து தெரிந்திருக்கும் என்பது உண்மை. அதன் அளவும் நாளும் கணக்குப் போட்டால்தான் தெரியும். நிலைச் செலவு 2.4 கோடி, மிஞ்சுவது 30 சதவீதம் என்றால், நட்டமில்லாமல் நிற்க மாதம் 8 கோடி விற்பனை வேண்டும். ஜூலையில் கையில் இருக்கப்போவது 7 கோடி. ஆகவே மாதம் 1 கோடி புது ஆர்டரை ஜூலைக்குள் ஓட விட வேண்டும். புதுப் பாகம் ஒன்றுக்கு விலை பேசி, டை செய்து, மாதிரி கொடுத்து, வாடிக்கையாளரின் தர ஒப்புதல் பெற்று, லைனில் ஏற்ற ஒன்பது பத்து மாதம் ஆகும் என்று கொண்டால், வேலை செப்டம்பரிலேயே தொடங்கியாக வேண்டும். அடுத்த பட்ஜெட்டுக்காகப் பிப்ரவரியில் உட்காரும்போதுதான் இந்தக் கணக்கு போடப்படுகிறது என்றால், ஐந்து மாதம் கைவிட்டுப் போயிருக்கும்.

இயந்திரக் கொள்முதலிலும் இதே சிக்கல்தான். அக்டோபரில் ஒரு பெரிய பிரஸ் வாங்க பட்ஜெட் அனுமதி இருக்கிறது, இயந்திரம் வந்து சேர எட்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அனுமதித்த தொகையை மார்ச்சுக்குள் செலவிடாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி கேட்க வேண்டும் என்பது பட்ஜெட்டின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ஆர்டர் கொடுத்தால், விற்பனை இல்லாமல் போகும் மாதத்துக்கு முந்தைய மாதத்தில் பிரஸ் வந்து இறங்கும். தவணையும் அதோடு தொடங்கும். அனுமதி பட்ஜெட்டில் இருக்கலாம். ஆர்டர் கொடுக்கும் நாளில் முன்கணிப்பை ஒருமுறை பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவது என்ற விதி இருந்திருந்தால் போதும்.

5. முன்கணிப்பு காணாதவை

தொடர் முன்கணிப்புக்கும் எல்லை உண்டு. 2021 ஆகஸ்டில் போட்ட எந்த முன்கணிப்பிலும் செப்டம்பர் 9 இருந்திருக்காது. ஷெட்யூல் மூன்று மாதம் காட்டும். அதற்கப்பால் உள்ள ஒன்பது மாதமும் வாடிக்கையாளரின் மாடல் திட்டம், பழைய போக்கு, ஊகம் இவற்றால் நிரப்பப்படுபவை. ஃபோர்டு விஷயத்தில் முன் அறிகுறி இருந்தது. மஹிந்திராவோடு அது 2019 அக்டோபரில் அறிவித்த கூட்டு முயற்சி 2020 டிசம்பர் 31உடன் கைவிடப்பட்டது. ‘இந்த வாடிக்கையாளர் போய்விட்டால்?’ என்று 2021-22 பட்ஜெட் எழுதும்போதே ஒரு தனித் தாளில் கணக்குப் போட்டுவைக்க அது போதுமான காரணம். அந்தத் தாள் முன்கணிப்பும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. நடக்கும் என்று சொல்லாமல், நடந்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம் என்று சொல்வது அது.

மழையும் அப்படித்தான். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர் சுற்றுவட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியது. இதை விற்பனை முன்கணிப்பில் எழுதி வைக்க முடியாது. காப்பீட்டிலும் கையிருப்புப் பணத்திலும்தான் இதற்கு விடை. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு, ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வரவேண்டிய பட்ஜெட்டுகளை ஒரு வாரம் முன்பே செல்லாததாக்கியது. முன்கணிப்பு வைத்திருந்தவர்களும் அதை முன்பே கண்டிருக்க முடியாது; கண்ட பிறகு மாற்றி எழுதும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது என்பதே வேறுபாடு.

முன்கணிப்பு உண்மையில் பயன்படும் இடம், செய்தித்தாளில் தலைப்பாகாத மாற்றங்கள். உருக்கு விலை அப்படிப்பட்டது. மேற்சொன்ன நிறுவனம் மாதம் 4 கோடிக்கு உருக்கு வாங்குகிறது என்றால், விலை 10 சதவீதம் ஏறும்போது மாதம் 40 லட்சம் கூடுதலாகப் போகும். 60 லட்சம் லாபம் 20 லட்சமாகும். வாடிக்கையாளர் விலையைத் திருத்தித் தருவார், ஆனால் காலாண்டோ அரையாண்டோ கழித்து, பின்தேதியிட்டு. லாபம் திரும்பி வந்துவிடும். இடைப்பட்ட மாதங்களுக்கான பணம் வங்கி வரம்பிலிருந்து போயாக வேண்டும். மின்கட்டணமும் இவ்வகைதான். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 அன்று, நிதியாண்டின் நடுவில், கட்டணம் உயர்ந்தது. பட்ஜெட்டில் இவை ‘வேறுபாடு’ என்ற ஒரு பத்தியில் நடந்து முடிந்த பிறகு தெரிகின்றன. முன்கணிப்பில் எந்த மாதம் பணம் இடிக்கும் என்பது முன்னாலேயே தெரிகிறது.

6. முன்கணிப்பு பழுதாகும் வழி

முன்கணிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அறியாமை இல்லை, அச்சம். விற்பனை மேலாளர் குறைந்த எண்ணைச் சொன்னால் ‘ஏன் இலக்கு வராது?’ என்ற கேள்வி வரும். முதலாளி குறைந்த எண்ணை வங்கிக்குக் காட்டினால் கடன் வரம்பு குறையுமோ என்று அஞ்சுவார். ஆகவே முன்கணிப்பு மெல்ல பட்ஜெட் எண்ணை நோக்கியே வளைகிறது. பற்றாக்குறை எல்லாம் கடைசிக் காலாண்டில் ஈடுகட்டப்படும் என்று எழுதப்படுகிறது. ஜென்சன் பட்ஜெட்டில் கண்ட நோய், பெயர் மாறி முன்கணிப்புக்குள் குடியேறுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும். ஒரே மாதத்துக்கு அடுத்தடுத்துச் சொன்ன எண்களை ஒரே வரிசையில் எழுதிப் பார்க்க வேண்டும். ஜூன் விற்பனை 10.4 கோடி என்று மார்ச்சில் சொன்னோம், 10.2 என்று ஏப்ரலில், 9.9 என்று மே மாதத்தில், வந்தது 9.6. இந்தப் பிழையின் அளவு பெரிதில்லை. ஆனால் எல்லாம் ஒரே திசையில் இறங்கியிருக்கிறது. உண்மையாகத் தெரியாமல் தவறியிருந்தால் சில மாதம் கூடவும் சில மாதம் குறையவும் வேண்டும். நான்கைந்து மாதம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், அது கணிப்பின் பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. எண்ணைச் சொன்னவர் எதற்கோ அஞ்சுகிறார் என்றே கொள்ள வேண்டும். திருத்தவேண்டியது எக்செல் சூத்திரத்தை இல்லை. அந்த எண்ணைக் கேட்கும் கூட்டம் நடக்கும் விதத்தை.

மருந்தும் இதிலிருந்தே கிடைக்கிறது. ஊக்கத்தொகையும் பாராட்டும் கண்டிப்பும் பட்ஜெட்டோடு மட்டும் நிற்க வேண்டும். முன்கணிப்பில் குறைந்த எண்ணைச் சொன்னதற்காக யாரும் கேள்வி கேட்கப்படக் கூடாது. தெரிந்தும் தாமதமாகச் சொன்னதற்குக் கேட்கலாம். வங்கியிடமும் இதுவே நல்லது. வரம்புக்குள் எடுக்கக்கூடிய தொகையை, மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலுள்ள சரக்கும் வரவேண்டிய தொகையும் தீர்மானிக்கின்றன. விற்பனை விழுந்தால் அங்கே எப்படியும் வெளிப்பட்டுவிடும். இரண்டு மாதம் முன்னால் சொன்ன நிறுவனத்துக்குப் பேச்சுவார்த்தை நடத்த நேரம் இருக்கும்.

7. எவ்வளவு தூரம், எத்தனை முறை

தொடர் முன்கணிப்புக்கு 12 மாதம் என்பது வேதவாக்கு இல்லை. திரும்பப் பெற முடியாத முடிவுகளில் எது விளைவுக்கு வர அதிக காலம் எடுக்கிறதோ, அந்தக் காலமே முன்கணிப்பின் நீளம். பிரஸ் வர எட்டு மாதம், அதில் ஓடும் பாகத்துக்கு ஒப்புதல் கிடைக்க மூன்று மாதம் என்றால் 11 மாதம். ஆக 12 மாதம் சரிதான். உள்ளூரில் வாரக் கணக்கில் மூலப்பொருள் வாங்கி, பழைய இயந்திரத்திலேயே ஓட்டும் நிறுவனத்துக்கு ஆறு மாதம் போதும். அதற்கு மேல் எழுதுவது தாளை நிரப்புவதாகிவிடும்.

எத்தனை முறை என்பதைக் கணக்குப் பிரிவின் நாட்காட்டி தீர்மானிக்கிறது. நான்கைந்து பேர் இருக்கும் பிரிவில் 7ஆம் தேதி டி.டி.எஸ்., 11ஆம் தேதி விற்பனை விவரத்துக்கான ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி அடுத்த ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று மாதம் ஓடுகிறது. முன்கணிப்பை மாத முதல் வாரத்தில் கேட்டால் போன மாதத் தாளில் தேதியை மட்டும் மாற்றித் தருவார்கள். 20ஆம் தேதி கடந்து, புது ஷெட்யூல் வரும் கடைசி வாரத்தில் வைத்தால் கையில் புதிய தகவல் இருக்கும். உழைக்கவும் நாள் இருக்கும்.

பட்ஜெட்டில் நூறு தலைப்புகள் இருக்கலாம். முன்கணிப்பில் பத்து வரி போதும்: வாடிக்கையாளர்வாரியாக எண்ணிக்கை, உருக்கு விலை, விலைத் திருத்தம் வரும் மாதம், ஓவர்டைம், மின்செலவு, வரவேண்டிய பணம், தவணை, மாதக் கடைசியில் வங்கி வரம்பில் மிச்சம். முதல் மூன்று மாதம் மாதவாரியாக, அதற்கப்பால் காலாண்டுவாரியாக எழுதலாம். தேநீர்ச் செலவையும் வாகனப் பராமரிப்பையும் மாதந்தோறும் முன்கணிக்கத் தொடங்கும் நிறுவனம் சில மாதங்களில் களைத்துப்போய் முழு முயற்சியையும் கைவிடும்.

8. முடிவு

ஆண்டு பட்ஜெட்டைக் கைவிடச் சொல்லும் வாதம் ஜி.எஸ்.டி. சாலை நிறுவனங்களுக்குப் பொருந்தவில்லை. வங்கி, தொழிற்சங்கம், இயக்குநர் குழு ஆகியோருக்குக் கொடுத்த வாக்கைப் பதிவுசெய்ய அது வேண்டும். ஒரே ஆலை கொண்டவருக்கு வேறு அளவுகோலும் இல்லை. பட்ஜெட் மட்டும் போதும் என்ற பழக்கமும் நிற்காது. மாதந்தோறும் மாறும் ஷெட்யூலில் வாழும் தொழில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் முன்னால் பார்த்தால், மார்ச் நெருங்க நெருங்க அதன் பார்வை ஒரு மாதமாகக் குறுகிவிடுகிறது.

ஆகவே தேர்வு முடிவுவாரியாக அமைய வேண்டும். சம்பளம், போனஸ், ஆண்டுக் கடன் வரம்பு, மேலாளரின் மதிப்பீடு ஆகியவை பட்ஜெட்டின்படி நடக்கட்டும். மூலப்பொருள் கொள்முதல், ஆள் சேர்ப்பு, இயந்திர ஆர்டர், பணத் தேவை ஆகியவை முன்கணிப்பின்படி நடக்கட்டும். இரண்டு எண்களும் வேறுபடும்போது முன்கணிப்பைத் திருத்தி பட்ஜெட்டோடு பொருத்துவது கூடாது; அந்த இடைவெளியை அப்படியே கூட்டத்தில் வைத்து, அதை நிரப்ப யார் எந்த மாதத்துக்குள் என்ன செய்வார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். மேலே பார்த்த கணக்கில் அந்த இடைவெளி மாதம் 1 கோடி விற்பனை. கெடு 2022 ஜூலை. அப்படி எண்ணும் கெடுவுமாகக் கிடைத்த சிக்கலோடு மட்டுமே ஒரு தொழிற்சாலையால் போராட முடியும்.